52-க்குப் பிறகு என்ன எண்?

ஒரு லிப்ஸ்டிக்கின் பெயர் நமக்குத் தேவைப்படுவது அது தீரும்போதுதான். வாங்கிய அன்றே அட்டைப்பெட்டி குப்பைக்குப் போய்விடும். ட்யூப் வருடக்கணக்கில் கைப்பைக்குள் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் உரசிக்கொண்டு கிடக்கும். ஒருநாள் உள்ளே அரை விரல்நகம் அளவுக்கு மட்டும் மிச்சம் இருக்கும்போது, "இதே கலர் வேண்டும்" என்று ஒரு போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்புவோம்.

அப்படி ஒரு போட்டோ போன மாதம் எனக்கு வந்தது. அனுப்பியவள் அண்ணன் மகள். "அத்தை, அம்மாவோட லிப்ஸ்டிக். பேரே தெரியல. கல்யாணத்துக்கு முன்னாடி இதே ஷேடு கிடைக்குமா பாருங்க." படத்தில் கறுப்பும் தங்கநிறமுமாக ஒரு ட்யூப். திறந்த வாயில் ஒயின் நிறத்தில் மழுங்கிய ஒரு மேடு. மஞ்சள் பல்பு வெளிச்சம், பூப்போட்ட பெட்ஷீட்.

இதைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் செய்வது, கண்ணால் நிறத்தை அளந்து இணையத்தில் அதே மாதிரிப் படத்தைத் தேடுவது. கூகுள் லென்ஸில் போட்டால் அது ட்யூப்பின் உருவத்தை வைத்துக் கம்பெனியையும் வரிசையையும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். ஷேடைச் சொல்வதில்தான் சறுக்கும். ஒரே வரிசையில் உள்ள பல ஷேடுகளுக்கும் ட்யூப் ஒன்றுதான்; வித்தியாசமெல்லாம் அந்தச் சின்ன மேட்டின் நிறத்தில் இருக்கிறது, அந்த நிறத்தையோ பல்பு வெளிச்சம் ஏற்கெனவே மாற்றிவிட்டது. அதனால் நிறத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் ட்யூப்பின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

"அதைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் படம் எடுத்து அனுப்பு. துடைக்காதே" என்று எழுதினேன்.

துடைக்காதே என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பழைய ட்யூப் பிசுபிசுப்பாக இருக்கிறதே என்று சானிடைசரையோ ஸ்பிரிட்டையோ தொட்டுத் துடைத்தால், ஸ்டிக்கரின் மேல் மிச்சமிருக்கும் மை ஆல்கஹாலில் கரைந்து பஞ்சோடு வந்துவிடும். தேடிக்கொண்டிருந்த எண்ணை நாமே அழித்தது போலாகும். உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பிறகு அறையை இருட்டாக்கி, இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில், ஸ்டிக்கரை ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் வழுவழுப்பான ஸ்டிக்கர் பளிச்சென்று மின்னி எழுத்தை மறைத்துவிடும். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் மை போயிருந்தாலும் சில சமயம் அச்சின் தடம் நிழலாகத் தெரியும். வெளிச்சத்தின் திசையை மாற்றி மாற்றி நாலைந்து படம் எடுத்தால், ஒன்றில் விட்டது இன்னொன்றில் பிடிபடும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருக்கத்தில் பொடி எழுத்துகள் கலங்கிப்போகும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே வந்து சேரும்.

அடியில் இரண்டு வகை எண்கள் இருக்கக்கூடும். ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஷேடு எண்ணும் பெயரும். பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ குத்தியது போலவோ, புள்ளிப் புள்ளியாகத் தனியாக அடித்தது போலவோ இருப்பது பேட்ச் எண். எந்த நாளில், எந்தத் தொகுதியில் தயாரானது என்பதற்காகக் கம்பெனி வைத்துக்கொள்ளும் அடையாளம் அது. நம் ஊர்ப் பொருள்களில் இத்துடன் தயாரிப்பு உரிம எண்ணும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடையில் போய் "இந்த நம்பர் கொடுங்க" என்று நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேட்ச் எண்ணை வைத்து நம்மால் ஷேடைக் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் படத்தோடு எழுதினால் அவர்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லக்கூடும், அவ்வளவுதான்.

அண்ணன் மகள் அனுப்பிய இரண்டாவது படத்தில் ஸ்டிக்கரின் வலது ஓரம் தேய்ந்திருந்தது. ரெவ்லான் என்று தெரிந்தது. சூப்பர் லஸ்ட்ரஸ் வரிசை. எண்ணில் 5, 2 என்ற இரண்டு இலக்கங்கள் நன்றாக இருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் வெறும் வளைவு. கீழே பெயரில் 'வைன்' என்ற சொல் மட்டும் தப்பியிருந்தது.

அந்த வரிசையைத் தெரிந்தவர்களுக்கு இது பாதி விடை. அதில் 'வைன் வித் எவ்ரிதிங்' என்ற பெயர் இரண்டு ஷேடுகளுக்கு உண்டு. 520 என்பது 'பேர்ல்', அதாவது முத்துமினுக்கு கலந்தது. 525 என்பது 'க்ரீம்', மினுக்கு இல்லாதது. பெயர் ஒன்று, எண் வேறு, உதட்டில் போட்டால் இரண்டும் வேறு வேறு ஆட்கள். பெயரை மட்டும் நம்பித் தேடியிருந்தால் ஆன்லைனில் எது முதலில் வருகிறதோ அதை ஆர்டர் செய்திருப்போம். தேய்ந்த மூன்றாவது இலக்கம் பூஜ்யமா ஐந்தா என்பதுதான் இப்போது கேள்வி. அடி வளைவு இரண்டுக்கும் பொதுவாக இருந்து தொலைக்கிறது.

இனிமேல்தான் நிறத்துக்கும் பளபளப்புக்கும் வேலை. முதலில் பளபளப்பு. 'பேர்ல்' வகையில் பொடிப்பொடியான மைக்காத் தகடுகள் கலந்திருக்கும். மைக்கா என்பது அபிரகம்தான். எல்லா லிப்ஸ்டிக்கும் மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது என்பதால் வெளிச்சம் பட்டால் எல்லாமே மின்னும். குழப்பம் இங்கேதான் வரும். க்ரீம் வகையில் அந்த மின்னல் ஒரே கோடாக, வழுக்கலாக இருக்கும். ட்யூப்பைத் திருப்பினால் கோடு அப்படியே நகரும். பேர்ல் வகையில் மின்னல் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறும். திருப்பத் திருப்பச் சில புள்ளிகள் அணையும், வேறு சில எரியும். ஒரு படத்தில் இதைப் பார்க்க முடியாது. அதனால் ஐந்து விநாடி வீடியோ கேட்டேன்: ஜன்னல் பக்கம், டார்ச் வெளிச்சத்தில், ட்யூப்பை மெதுவாகச் சுழற்றி.

வீடியோவில் ஸ்டிக்கின் மேல் வெளிறிய ஒரு படலம் தெரிந்தது. "அத்தை, ஷிம்மர் இருக்கு பாருங்க" என்று அவள் குதூகலித்தாள். அது ஷிம்மர் இல்லை. வெயிலில் இளகி மறுபடி உறைந்த லிப்ஸ்டிக்கில் மெழுகோ எண்ணெயோ மேலே வந்து வெள்ளையாகப் பூத்துவிடுவது உண்டு. சித்திரை வைகாசியில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்த கைப்பையில் இருந்திருந்தால் சொல்லவே வேண்டாம். அண்ணியின் பை அந்த வெயிலையெல்லாம் பார்த்ததுதான். இந்தப் படலமும், உதட்டில் பட்ட எண்ணெய்ப்பசையும், பவுடர் தூசியும் சேர்ந்து ஒரு பழைய ஸ்டிக்கின் மேற்பரப்பைப் பொய் பேச வைத்துவிடும். ஒரு பிளேடால் மேல்தோலை மெல்லிசாகச் சீவி எறிந்துவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். சீவ இடமில்லாத அளவுக்குத் தேய்ந்திருந்தால், ட்யூப்பின் உள்விளிம்பில் ஒட்டியிருப்பதைப் பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுக்கலாம். பார்க்கப்போனால் நிறம் அதிகம் மாறாமல் இருப்பதே அந்த மூலையில்தான்.

நோண்டி எடுத்ததை என்ன செய்வது? உதட்டில் போடக்கூடாது. பழசு என்பதால் மட்டுமில்லை. உதட்டில் போட்டதும் நிறம் மாறிவிடும். லிப்ஸ்டிக்கில் சேர்க்கும் சில சிவப்புச் சாயங்கள், பொருள் பட்டியலில் CI 45380, CI 45410 என்று எழுதியிருப்பவை, தோலோடு சேர்ந்து கறையாகப் பிடித்துக்கொண்டு ரோஜா நிறத்தை நோக்கி நகரும். அதோடு நம்மில் நிறையப் பேருக்கு உதட்டின் ஓரம் பழுப்பாகவும் நடு உதடு வெளிறியும் இருக்கும். அடியில் இருக்கும் நிறமும் மேலே பூசியதும் கலந்துதான் கண்ணுக்குத் தெரியும். "இதைப் போட்டுக்கொண்டு எடுத்த படம் இருக்கு, அனுப்பட்டுமா" என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். அதில் தெரிவது ஷேடு அல்ல, அந்த உதட்டில் அந்த ஷேடு.

பொருள் பட்டியலைப் பற்றி இன்னொன்று. அட்டைப்பெட்டி தப்பித்தவறிக் கிடைத்தாலும் அதிலிருக்கும் CI எண்களை வைத்து ஷேடைக் கணிக்க முடியாது. பட்டியலின் கடைசியில் 'இவை இருக்கலாம்' என்ற குறிப்புக்குப் பிறகு வரும் சாயங்கள் பெரும்பாலும் அந்த வரிசையின் எல்லா ஷேடுகளுக்கும் பொதுவாகப் போட்டவை. மைக்காவும் அங்கேதான் கிடக்கும், மினுக்கு இல்லாத ஷேடின் பெட்டியிலும்கூட.

ஆகவே வெள்ளைத்தாள்தான். ஒரு தாளில் இரண்டு இடங்களில் தேய்க்க வேண்டும். ஓர் இடத்தில் தாள் தெரியாத அளவுக்குத் தடிப்பாக. பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, அதை விரலால் இழுத்து, தாள் ஊடாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாக. ஷேடு கண்டுபிடிப்பதில் எனக்கு அதிகம் உதவியது இந்த இரண்டாவது தேய்ப்புதான். ஒயின், மெரூன், காபி நிறங்கள் எல்லாம் தடிப்பாக இருக்கும்போது ஒரே மாதிரி இருண்டு கிடக்கும். இழுத்துவிட்டால் குலம் கோத்திரம் வெளியே வந்துவிடும். இரும்பு ஆக்ஸைடு அதிகம் உள்ளது செங்கல், தேநீர் பக்கம் போகும். கரிமச் சிவப்புச் சாயங்கள் அதிகம் உள்ளது நாவல்பழம், ரோஜா பக்கம் போகும். அழகுசாதனக் கடையில் 'வார்ம்', 'கூல்' என்று சொல்கிறார்களே, அது இந்தச் சாய்வுதான்.

இந்தத் தாளைப் படம் எடுப்பதற்குத்தான் இப்போது ஒழுங்கான வெளிச்சம் வேண்டும். பகல் பத்து மணிக்கு மேல், வெயில் நேராக விழாத ஜன்னல், அறையின் லைட் எல்லாம் அணைத்து, ஃபிளாஷும் இல்லாமல். பச்சைச் சுவரோ சிவப்பு நைட்டியோ பக்கத்தில் இருந்தால் அதன் நிறம் தாளில் விழும். இதை யாரும் கவனிப்பதில்லை. போனில் படத்தைத் தானே அழகாக்கும் வசதிகளை நிறுத்திவிட வேண்டும், அவை சிவப்பைக் கண்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடுகின்றன. ஃபிரேமில் தேய்க்காத வெள்ளைத்தாளும் தாராளமாக இருக்கட்டும். அந்த வெள்ளைதான் நமக்குத் தராசுப்படி.

எப்படி என்று இந்த வழக்கிலேயே பார்த்துவிடலாம். அவள் எடுத்த படத்தை நிறம் எடுக்கும் வசதியுள்ள ஒரு எடிட்டரில் திறந்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள் வரும். வெற்றுத்தாள் 240, 228, 204 என்று காட்டியது. வெள்ளைத்தாள் என்றால் மூன்றும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். இங்கே சிவப்பு கூடியும் நீலம் குறைந்தும் இருக்கிறது, அதாவது எங்கிருந்தோ மஞ்சள் வெளிச்சம் நுழைந்திருக்கிறது. (ஹாலில் ஒரு பல்பை அணைக்க மறந்துவிட்டாளாம்.) தேய்த்த இடம் 140, 45, 50. மூன்றையும் தாளின் நடு எண்ணான 228-க்குக் கொண்டுவந்தால் போதும். சிவப்பை 228-ஆல் பெருக்கி 240-ஆல் வகுத்தால் 133. பச்சை மாறாமல் 45. நீலத்தை 228-ஆல் பெருக்கி 204-ஆல் வகுத்தால் 56. போனில் உள்ள எண்கள் வெளிச்சத்தின் அளவோடு நேர்விகிதத்தில் போவதில்லை என்பதால் இது தோராயக் கணக்குதான், ஆனால் சாய்வைச் சொல்ல இது போதும்.

140, 45, 50-இல் பச்சையும் நீலமும் கிட்டத்தட்டச் சமம். நடுநிலையான மெரூன் என்று நினைக்கத் தோன்றும். திருத்திய பிறகு நீலம் பச்சையைவிடப் பதினொன்று கூடுதல். சிவப்புக் குடும்ப நிறங்களில் நீல எண் பச்சையை மிஞ்சினால் நாவல்பழப் பக்கம், பச்சை எண் நீலத்தை மிஞ்சினால் செங்கல் பக்கம். மெல்லிய தேய்ப்பும் இதையே சொன்னது, ரோஜா கலந்த ஊதாவாக இழுபட்டிருந்தது. ஆக ஒயின் என்பது உறுதி. சீவிய உள்பகுதியின் வீடியோவில் ஒரு புள்ளிகூட எரியவில்லை, வழுக்கலான ஒற்றைக் கோடு மட்டும். தேய்ந்துபோன இலக்கம் ஐந்து. அண்ணியின் லிப்ஸ்டிக் 525.

இந்த வித்தை எங்கே காலை வாரும் என்றால், பளீர்ச் சிவப்பிலும் ஆரஞ்சிலும் மஜந்தாவிலும். சிவப்பு எண் 255-ஐத் தொட்டு நின்றுவிட்டால் அதற்கு மேல் இருந்த வித்தியாசமெல்லாம் பதிவாகாமல் போய்விட்டது என்று அர்த்தம். ஐந்து வெவ்வேறு சிவப்புகள் ஒன்றாகத் தெரியும். தாளின் மேல் விரலை அழுத்திப் பூட்டி, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி எடுக்க வேண்டும். சில நியான் பிங்க்குகளை எந்தப் போனின் திரையாலும் முழுசாகக் காட்டவே முடியாது, அவற்றைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதுதான் வழி.

எண் தெரிந்துவிட்டது என்பதால் லிப்ஸ்டிக் கையில் வந்துவிடாது. எங்கள் பக்கத்துக் கடையில் அந்த எண் இல்லை. அண்ணியும் "ஆன்லைன்ல எல்லாம் வேண்டாம், பழசை ஒட்டி அனுப்பிடுவாங்க" என்று முகம் சுளித்தார். அப்படியானால் நெருங்கிய ஜோடியைத் தேட வேண்டும். பியூட்டி உலகில் இதற்கு 'டூப்' என்று பெயர்.

இங்கேயும் ஒரு தந்திரம். இணையத்தில் தனித்தனியாகக் கிடக்கும் இரண்டு படங்களை ஒப்பிடுவதில் பயனில்லை. வேறு வெளிச்சம், வேறு போன், வேறு கை. ஒரே கையில், ஒரே படத்தில், நம்முடைய ஷேடும் வேறு ஷேடுகளும் வரிசையாகத் தேய்த்திருக்கும் படங்களைத்தான் தேட வேண்டும். அந்தப் படத்தின் வெளிச்சம் தவறாக இருந்தாலும் எல்லாக் கோடுகளுக்கும் ஒரே தவறு என்பதால், எது எதைவிட அடர்த்தி, எது எதைவிட நீலம் என்ற உறவு கெடாது. அப்படிச் சில படங்களைப் பார்த்து நாலைந்து பெயர்களைக் குறித்துக்கொண்டால் கடைக்குப் போகத் தயார்.

கடைக்கு நாங்கள் ட்யூப்போடு அந்தத் தாளையும் கொண்டுபோனோம். ஷேடு கார்டில் அச்சிட்டிருக்கும் வண்ணத்தோடு ஒப்பிடக்கூடாது. அது அச்சு மை, லிப்ஸ்டிக் இல்லை. டெஸ்டரை வாங்கி, அதே தாளில், பழைய தேய்ப்பை ஒட்டினாற்போலத் தடிப்பாக ஒன்று, மெல்லிசாக ஒன்று. நடுவில் இடைவெளி விட்டால் கண் ஏமாந்துவிடும், விளிம்போடு விளிம்பு முட்ட வேண்டும். பிறகு தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். கடை விளக்கின் கீழ் அச்சு அசலாகப் பொருந்திய இரண்டு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் பிரிந்துவிடுவது சகஜம். இரண்டும் வேறு வேறு சாயங்களால் அதே நிறத்தை எட்டியிருக்கும். வெளிச்சம் மாறும்போது ஒவ்வொன்றும் தன் வழியில் மாறும். ஜவுளிக்கடையில் புடவைக்கு பிளவுஸ் பிட் எடுக்கும்போது அம்மாக்கள் வாசலுக்கு வருவதும் இதற்காகத்தான். அண்ணியின் லிப்ஸ்டிக்குக்கு இன்னொரு சோதனையும் உண்டு: கல்யாண மண்டபத்தின் மஞ்சள் விளக்கு. அதனால் வீட்டுக்கு வந்து பல்பு வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்தோம்.

நகப்பூச்சுக்கும் முறை இதேதான், ஆனால் இரண்டு விஷயம் வேறு. எண் இருக்கும் ஸ்டிக்கர் பாட்டிலின் அடியில் இருக்கும், சிந்திய ரிமூவரில் அது முதலில் போய்விடும். இன்னொன்று, பழைய பாட்டிலைப் பார்த்து நிறம் சொல்லக்கூடாது. நிறமி அடியில் தங்கி மேலே தெளிந்திருக்கும். நைட்ரோசெல்லுலோஸ் சேர்ந்த பூச்சுகள் நாளாக ஆக மஞ்சளிக்கவும் செய்யும், வெளிர் பிங்க் பீச் நிறமானது போல் தெரிவது அதனால்தான். உள்ளங்கைகளுக்கு நடுவில் பாட்டிலை உருட்டிக் கலக்கி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துண்டில் ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று பூச்சு என்று படிக்கட்டாகப் போட்டு, அடியில் வெள்ளைத்தாள் வைத்துப் படம் எடுக்க வேண்டும். நகப்பூச்சில் எத்தனை பூச்சு என்பதே பாதி ஷேடு.

அன்று கடையில் மூன்று டெஸ்டர்களைத் தேய்த்தோம். ஒன்று தடிப்பாக இருந்தபோது அப்படியே ஒத்துப்போனது, இழுத்ததும் செங்கலாகிவிட்டது. இன்னொன்றில் மினுக்கு. மூன்றாவதுக்குச் சாய்வு சரி, ஃபினிஷ் சரி, அடர்த்தி மட்டும் ஒரு படி குறைவு. எதில் குறை இருந்தால் சமாளிக்கலாம் என்பதைத்தான் இங்கே யோசிக்க வேண்டும். சாய்வு தப்பினால் ஒன்றும் செய்ய முடியாது. மினுக்கு இருந்தால் டிஷ்யூவால் ஒற்றினாலும் முழுசாகப் போகாது. அடர்த்தி குறைந்தால் மட்டும் வழி உண்டு: அடியில் அதே குடும்பத்து லிப் லைனரை உதடு முழுக்கப் பூசிவிட்டு அதன் மேல் போடலாம். மூன்றாவதையும் ஒரு பிளம் லைனரையும் வாங்கினோம். அண்ணி வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, ஆனா பழசு இன்னும் கொஞ்சம் டல்லா இருக்கும்" என்றார். லைனரை இன்னும் ஒரு சுற்று இழுக்கச் சொன்னேன்.